ஊசி போட்ட அப்புறமும் ஏறுன ஹார்மோன்

லேப்ல வேலை செய்றவனுக்கு ஒரு ரிசல்ட் விநோதமா வந்தா முதல் சந்தேகம் டியூப் மேல தான் வரும். பேரு மாத்தி ஒட்டிட்டாங்களா, சாம்பிள் மாறிடுச்சா, மெஷின் கன்ட்ரோல் சரியா ஓடுச்சா, இப்படித்தான் மண்டை ஓடும். உடம்புக்குள்ள நெஜமாவே அப்படி நடந்திருக்கும்னு கடைசியா தான் தோணும். பதினாலு வருஷமா வேலூர்ல ஹார்மோன் டெஸ்ட் பண்ற எனக்கு அந்தக் கடைசி சந்தேகம் வர்றதுக்கு போன மே மாசம் ரெண்டு நாள் ஆச்சு, அந்த ரெண்டு நாளும் எங்க பெரீப்பா முதுகு வலில தூங்காம கெடந்தாரு. அதனால தான் இத எழுதறேன், மனசுல இருந்து போக மாட்டேங்குது.

பெரீப்பாவுக்கு 71 வயசு, மிலிட்டரில இருந்து ரிட்டயர் ஆகி பள்ளிகொண்டா பக்கம் கெழங்கு, கேழ்வரகுன்னு வச்சிகினு இருக்காரு. ஒண்ணுக்கு போறதுல கஷ்டம்னு ஆரம்பிச்சு, பிராஸ்டேட் ரத்தத்துல விடற பி.எஸ்.ஏ.ங்கற புரோட்டீன அளந்து பாத்தா 86, பயாப்சில பிராஸ்டேட் கேன்சர், ஸ்கேன்ல இடுப்பு முதுகெலும்புல ரெண்டு எடத்துல பரவி இருக்கு. இந்த கேன்சருக்கு டெஸ்டோஸ்டிரோன் தான் தீனி. 1941லயே சார்லஸ் ஹக்கின்ஸ் விதைய எடுத்துட்டா கட்டி சுருங்குதுன்னு காட்டிட்டாரு, 1966ல அதுக்கு நோபலும் குடுத்தாங்க. இப்ப ஆபரேஷனுக்கு பதிலா பெரும்பாலும் ஊசி. மூணு மாசத்துக்கு ஒரு தடவ போடற லியூப்ரோலைடு. பெரீப்பாவுக்கும் அதான் எழுதுனாங்க, கூட பைகலூட்டமைடு 50 மில்லிகிராம்னு ஒரு மாத்திரை.

ஊசிக்கு முன்னாடி நானே ரத்தம் எடுத்துப் பாத்தேன், டெஸ்டோஸ்டிரோன் 412. ஊசி போட்டு அஞ்சாவது நாள் பெரீம்மா போன் பண்ணாங்க. "இன்னாடா இது, ஊசி போட்டா கொறையும்னு சொன்ன, இவரு நைட்டெல்லாம் முதுகு முதுகுன்னு கத்திகினு கீறாரு". ஓடிப் போயி ரத்தம் எடுத்துனு வந்து ஓட்டுனேன். 690.

கொறைக்கற ஊசி போட்டிருக்கு, அறுவது எழுவது சதவீதம் ஏறி இருக்கு. எனக்கு ஒரே யோசனை தான், டியூப் மாறிடுச்சு. அதே சாம்பிள திருப்பி ஓட்டுனேன், 684. கன்ட்ரோல் பாத்தேன், சரியா இருக்கு. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை சாப்படறவங்களுக்கு இந்த டெஸ்ட்ல டெஸ்டோஸ்டிரோன் பொய்யா ஜாஸ்தி காட்டும், அதையும் போன் போட்டு கேட்டேன், "எனக்கு ஏதுடா முடி"ன்னு வலியிலயும் சிரிச்சாரு. மறுநாள் காலைல எட்டு மணிக்கு திரும்ப போயி புது சாம்பிள் எடுத்தேன். 671.

## ஐஸ்ல வர்றதும் வெயில்ல வர்றதும்

அந்த ரெண்டாவது சாம்பிள வண்டில எடுத்துனு வரும்போது தான் ஒரு விஷயம் உறைச்சுது. அக்னி நட்சத்திரம், பாலாத்து மணல் மேல அனல் பறக்குது, பையில டெஸ்டோஸ்டிரோன் டியூப் ஐஸ் இல்லாம தான் இருக்கு. அத பத்தி எனக்கு கவலையே இல்ல. இதே பிட்யூட்டரில இருந்து வர்ற ஏ.சி.டி.எச். ஹார்மோன் சாம்பிளா இருந்தா முன்கூட்டியே குளிர வச்ச டியூப், ஐஸ், கோல்ட் சென்ட்ரிபியூஜ்னு ஒரு கல்யாணமே நடத்தி இருப்பேன், பத்து நிமிஷம் லேட் ஆனா மனசு அடிச்சிக்கும். இன்சுலின் சாம்பிள் லேசா ரோஸ் கலர்ல வந்தாலே திருப்பி அனுப்பிடுவோம், ஏன்னா செவப்பணு உடைஞ்சா அதுக்குள்ள இருக்கற என்சைம் இன்சுலின தின்னுடும். பதினாலு வருஷமா இந்த வித்தியாசத்த கையால செஞ்சிகினு இருக்கேன், ஆனா அது டியூபுக்குள்ள மட்டும் நடக்கற கதை இல்ல, உடம்புக்குள்ளயும் இதே கதை தான்னு யோசிச்சதே இல்ல.

ஏ.சி.டி.எச்., இன்சுலின் மாதிரி பெப்டைடு ஹார்மோன்னா அமினோ அமிலத்த மாலையா கோத்தது. தண்ணில கரையும், அதனால ரத்தத்துல பெரும்பாலும் தனியாவே போகும், எந்த வண்டியும் வேணாம். ஆனா வெட்ட வெளில நடக்கற மாதிரி, எதிர்ல வர்ற என்சைம் எல்லாம் கொத்தும், கிட்னியும் வடிகட்டும். ஆயுசு நிமிஷக் கணக்கு தான். டெஸ்டோஸ்டிரோன் மாதிரி ஸ்டீராய்டு ஹார்மோன் கொலஸ்ட்ரால்ல இருந்து வந்தது, கொழுப்பு ஜாதி, தண்ணில ஒட்டாது. அது ஏதாவது ஒரு புரோட்டீன் முதுகுல ஏறித்தான் ரத்தத்துல போகணும். டெஸ்டோஸ்டிரோன்ல கிட்டத்தட்ட 98 சதவீதம் அப்படி சவாரி தான், ஒரு பகுதி எஸ்.எச்.பி.ஜி.ங்கற புரோட்டீன் மேல இறுக்கமா, இன்னொரு பகுதி ஆல்புமின் மேல லேசா. மீதி ரெண்டு சதவீதம் தான் எறங்கி நடக்குது, அதான் செல்லுக்குள்ள போயி வேலை செய்யும். ஆல்புமின் மேல இருக்கறதும் ஈசியா எறங்கிடும், எஸ்.எச்.பி.ஜி. தான் விடாது. நாங்க ரிப்போர்ட்ல போடற 412, 690 எல்லாம் சவாரியையும் சேத்து எண்ணுனது.

சவாரி இருந்தா ஆயுசும் கூடும். இதுக்கு எனக்கு புடிச்ச உதாரணம் அட்ரீனல் சுரப்பில இருந்தே கிடைக்குது. கார்டிசால் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல புரோட்டீன்ல ஒட்டி இருக்கும், அதோட அரை ஆயுள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வரும். அதே சுரப்பில பொறந்த அல்டோஸ்டிரோன் அவ்வளவு இறுக்கமா ஒட்டாது, இருபது நிமிஷத்துல பாதி காலி. ரெண்டுமே ஸ்டீராய்டு தான், வண்டி தான் வேற.

இப்ப லியூப்ரோலைடுக்கு வருவோம். மூளைல ஹைப்போதலாமஸ்ல இருந்து ஜி.என்.ஆர்.எச்.னு ஒரு பெப்டைடு வருது, பத்தே பத்து அமினோ அமிலம். அது பக்கத்துலயே இருக்கற பிட்யூட்டரிக்கு ஒரு குட்டி ரத்தக்குழாய் வழியா போகுது, பிட்யூட்டரி எல்.எச். விடுது, எல்.எச். விதைக்கு போயி டெஸ்டோஸ்டிரோன் செய்ய சொல்லுது. ஜி.என்.ஆர்.எச். ரத்தத்துல தாங்கறது ரெண்டு நிமிஷம், நாலு நிமிஷம் தான். கையில ரத்தம் எடுத்து அத அளக்கலாம்னு நெனச்சா நடக்காது, அது தலைக்குள்ளயே பொறந்து தலைக்குள்ளயே சாகுது. இத பன்னி, ஆடுன்னு லட்சக்கணக்கான மூளைல இருந்து பிரிச்சு எடுத்து அமைப்ப கண்டுபிடிச்ச ஷாலிக்கும் கீமனுக்கும் 1977ல நோபல் குடுத்தாங்க.

லியூப்ரோலைடு இதோட தம்பி மாதிரி. ஆறாவது எடத்துல இருக்கற கிளைசின எடுத்துட்டு, கண்ணாடில பாத்த மாதிரி திருப்பிப் போட்ட லியூசின வச்சிட்டாங்க, வால் நுனியையும் கொஞ்சம் மாத்திட்டாங்க. வெட்டற என்சைமுக்கு அந்த எடத்துல புடி கிடைக்காது. ரெண்டு மூணு நிமிஷம் இருந்தது மூணு மணி நேரம் ஆயிடுது, செல்லு மேல ஹார்மோன் வந்து ஒட்டற ரிசெப்டர்லயும் இன்னும் கெட்டியா ஒட்டுது. அப்பவும் பெப்டைடு பெப்டைடு தான், வாயில போட்டா துவரம்பருப்பு மாதிரி செரிச்சிடும், அதான் ஊசி. மூணு மணி நேரம் போறாதுன்னு, தானா கரையற தையல் நூல் இருக்குல்ல, அந்த ஜாதி பாலிமர்ல குட்டி குட்டி உருண்டையா புடிச்சு சதைக்குள்ள போட்டுடறாங்க, அது கரைய கரைய மருந்து மூணு மாசம் கசிஞ்சிகினே இருக்கும்.

சரி, எல்.எச்ச தூண்டற பெப்டைடோட பலசாலி தம்பிய மூணு மாசம் விடாம குடுத்தா டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தானே செய்யும்? அப்புறம் எப்படி இது கொறைக்கற மருந்து? அந்தக் கேள்விய நான் அதுக்கு முன்னாடி ஒரு நாளும் கேட்டதில்ல. "ஹார்மோன கொறைக்கற ஊசி"ன்னு நெனச்சேன், அவ்வளவு தான்.

## "கரெக்டா தான் வந்திருக்கு, மாத்திரை எங்க?"

மூணாவது ரிசல்ட்ட எடுத்துனு நான் நேரா டாக்டர்கிட்ட ஓடுனேன். எங்க மெஷின்ல ஏதோ தப்புன்னு நானே ஆரம்பிச்சேன். அவரு பேப்பர பாத்துட்டு, "தப்பு இல்ல தம்பி, கரெக்டா தான் வந்திருக்கு. அஞ்சாவது நாள்ல இப்படித்தான் வரணும். பைகலூட்டமைடு எப்ப ஆரம்பிச்சாரு?"ன்னு கேட்டாரு. எனக்கு வாய் வரல. ஏன்னா அந்த மாத்திரைய வாங்கியாந்து குடுத்தது நான் தான், பெரீம்மாகிட்ட "ஊசி போட்டாச்சு, இது அப்புறமா"ன்னு சொன்னதும் நான் தான். சீட்டுல ஊசிக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும்னு எழுதி இருந்துச்சு. அட்டை பிரிக்காம சாமி ரூம் அலமாரில விபூதி டப்பா பக்கத்துல இருந்துச்சு.

அவரு அடுத்து கேட்டது வேற. கால் மரத்துப் போகுதா, நடக்கும்போது தள்ளாடுதா, ஒண்ணுக்கு அடைச்சுதா. முதுகெலும்புல கட்டி இருக்கறவங்களுக்கு இந்த முதல் ரெண்டு வாரம் தான் பயம், தீனி ஜாஸ்தி ஆயி கட்டி வீங்கி தண்டுவடத்த அமுக்கிடுச்சுன்னா கால் ரெண்டும் போயிடலாம், அது எமர்ஜென்சி. அன்னிக்கே எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. அமுக்கல. நான் வெளிய பெஞ்சுல உக்காந்துகினு இருந்த அந்த முக்கால் மணி நேரம் பத்தி எழுத புடிக்கல.

நடந்தது என்னன்னா, பிட்யூட்டரி செல்லு மேல ஜி.என்.ஆர்.எச்சுக்குன்னு ரிசெப்டர் இருக்கு, கதவு மாதிரி. பெப்டைடு கொழுப்புச் சவ்வ தாண்டி உள்ள போக முடியாது, வெளிய நின்னு கதவ தட்டும், உள்ள கால்சியம் ஏறும், ஏற்கனவே செஞ்சு வச்சிருக்கற எல்.எச். மூட்டை நிமிஷத்துல வெளிய கொட்டும். சாதாரணமா மூளை இத ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ தான் தட்டும். தட்டி முடிச்ச உடனே ஜி.என்.ஆர்.எச். செத்துடுது, அந்த ரெண்டு நாலு நிமிஷ ஆயுசு குறை இல்ல, அதான் விஷயமே. அது சீக்கிரம் சாகறதால தான் நடுவுல அமைதி கிடைக்குது, செல்லு அடுத்த தட்டுக்கு தயாராகுது. சரியான இடைவெளில தட்டுனா ரிசெப்டர் இன்னும் கூடக்கூட வரும், அதாவது அப்-ரெகுலேஷன்.

லியூப்ரோலைடு வந்து தட்டறத நிறுத்தவே இல்ல. முதல் சில நாள் செல்லு நம்பி மொத்த கையிருப்பையும் கொட்டிடுது, எல்.எச். எகிறுது, பின்னாடியே டெஸ்டோஸ்டிரோன் ஏறுது. அதான் என் 690. அப்புறம் செல்லுக்கு வெறுத்துப் போயிடுது. ரிசெப்டர உள்ள இழுத்துக்குது, புதுசு செய்யறத கொறைக்குது, இருக்கற ரிசெப்டரும் உள்ள சேதி சொல்றதில்ல, எல்.எச். தயாரிப்பே படுத்துடுது. இதான் டவுன்-ரெகுலேஷன். இந்த ஜி.என்.ஆர்.எச். ரிசெப்டருக்கு ஒரு விசேஷம் கூட உண்டு, இந்த ஜாதி மத்த ரிசெப்டர்களுக்கு செல்லுக்குள்ள ஒரு வால் இருக்கும், அத புடிச்சு தான் நிமிஷத்துல ஆஃப் பண்ணுவாங்க, இதுக்கு அந்த வாலே கெடையாது. அதனால சட்டுனு அணையாது, நாள் கணக்கு ஆகும். ஊசி போட்ட உடனே கொறையாம ரெண்டுல இருந்து நாலு வாரம் இழுக்கறதுல இதுக்கும் பங்கு இருக்கு.

இது சும்மா கற்பனை இல்ல. 1978ல எர்னஸ்ட் நோபில் குழு ரீசஸ் குரங்குல செஞ்சு காட்டுனாங்க. ஹைப்போதலாமஸ் கெட்டுப்போன குரங்குக்கு மணிக்கு ஒரு தடவ ஆறு நிமிஷம் ஜி.என்.ஆர்.எச். குடுத்தா எல்.எச். நார்மலா வருது. அதையே நிறுத்தாம சொட்டு சொட்டா குடுத்தா எல்.எச். விழுந்துடுது. திரும்ப மணிக்கு ஒரு தடவன்னு மாத்துனா மறுபடி வருது. மருந்து ஒண்ணு தான், இடைவெளி தான் வேற.

எங்க ஊர பத்தி ஒரு பழைய நக்கல் உண்டு, ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்லன்னு. மூணாவது வாரத்துல பெரீப்பாவோட பிட்யூட்டரி அப்படித்தான் இருந்திருக்கும், ஹார்மோன் வாசல் முழுக்க நிக்குது, கதவு தான் இல்ல.

## மாத்திரை எந்தக் கதவுக்கு

பைகலூட்டமைடு ஏறறத தடுக்காது, இதையும் நான் தப்பா புரிஞ்சி வச்சிருந்தேன். அது கேன்சர் செல்லுக்குள்ள வேலை செய்யுது. டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பு ஜாதின்றதால சவ்வ தாண்டி நேரா உள்ள போயிடும், ரிசெப்டர் செல்லுக்குள்ளயே இருக்கு, ரெண்டும் சேந்து நியூக்ளியஸ்ல டி.என்.ஏ. மேல போயி உக்காந்து ஜீன ஆன் பண்ணும். பைகலூட்டமைடு அந்த ரிசெப்டர்ல முன்னாடியே போயி சீட்டு புடிச்சிக்கும். வெளிய 690 இருந்தாலும் உள்ள எடம் இருக்காது. ஆனா அதோட அரை ஆயுள் ஆறு நாள், தெனம் ஒண்ணுன்னு போட்டா ரத்தத்துல சேந்து முழு அளவுக்கு வர நாள் புடிக்கும். அதனால தான் ஒரு வாரம் முன்னாடி. அலமாரில இருந்து எடுத்து ஆறாவது நாள் ஆரம்பிச்சது, வீடு எரிஞ்சப்புறம் தண்ணி கொண்டாந்த மாதிரி தான், இருந்தாலும் ரெண்டாவது வாரத்துல வலி எறங்க ஆரம்பிச்சுது.

28வது நாள் டெஸ்டோஸ்டிரோன் 31. 50க்கு கீழ வந்தாலே விதை எடுத்த அளவுன்னு கணக்கு. பி.எஸ்.ஏ. 41க்கு எறங்கிடுச்சு. பெரீப்பா வலி மாத்திரை நிறுத்திட்டாரு, ஆனா திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது, வேர்த்துக் கொட்டுதுன்னாரு, அது மே மாசத்து வெயிலா ஹார்மோன் எறங்குனதான்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல, ரெண்டும் தான்னு வச்சிகினோம்.

கதவ தட்டாமலே அடைச்சு வைக்கற மருந்தும் இருக்கு, டெகாரெலிக்ஸ். அதுவும் பெப்டைடு தான், ஆனா ரிசெப்டர்ல போயி சும்மா உக்காந்துக்கும், தூண்டாது, அதனால இந்த ஏத்தமே வராது, மூணு நாள்ல டெஸ்டோஸ்டிரோன் விழுந்துடும். ஆனா மாசா மாசம் போடணும். முதுகெலும்புல பரவி இருக்கறவங்க டாக்டர்கிட்ட இத கேட்டுப் பாக்கலாம். நான் கேக்கல, ஏன்னா கேக்கணும்னே தெரியல.

ஒண்ணு மட்டும் பெரீப்பாகிட்ட இன்னும் சொல்லல. பிட்யூட்டரி ஜாஸ்தியா தட்டுனதுக்கு கதவ கொறைச்சுதுல்ல, கேன்சர் செல்லு அதுக்கு நேர் எதிரா செய்யும். டெஸ்டோஸ்டிரோன் பட்டினி போட்டா, வருஷக் கணக்குல சில கட்டிங்க ரிசெப்டர கூட்டிக்கும், சிலது அந்த ரிசெப்டரோட ஜீனையே பல காப்பி எடுத்து வச்சிக்கும். 690ல பாத்த வேலைய 20லயே பாக்கும். அப்போ டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட் அழகா கீழயே இருக்கும், பி.எஸ்.ஏ. மட்டும் மெதுவா ஏறும். சில சமயம் பைகலூட்டமைடையே தீனியா எடுத்துக்கவும் கத்துக்கும், அப்ப மாத்திரைய நிறுத்துனா பி.எஸ்.ஏ. எறங்கும், கேட்டா நம்ப மாட்டீங்க. அதனால இப்ப நான் அவரோட ரெண்டு நம்பரையும் சேத்து தான் பாக்கறேன், ஒண்ண மட்டும் பாத்து சந்தோஷப்படறதில்ல.

ஆகஸ்ட்ல ரெண்டாவது ஊசிக்கு கூட்டினு போனேன். ஊசிய பாத்த உடனே மொகம் மாறுச்சு. "இந்த வாட்டியும் ஏறுமாடா?" "இல்ல பெரீப்பா, கதவு ஏற்கனவே மூடி கீது, எல்.எச்சும் காலி. நாள் தப்புனா தான் வம்பு, ரொம்ப லேட் பண்ணா கதவு திரும்ப மொளைச்சிடும், அப்புறம் முதல்ல இருந்து ஏறும்". மிலிட்டரிக்காரரு, தேதின்னா புடிச்சிக்குவாரு. வீட்டுக்கு வந்த உடனே தெனக்காட்டி காலண்டர செவுத்துல இருந்து கழட்டி, கண்ணாடிய போட்டுகினு, தாள தள்ளித் தள்ளி 84 எண்ணுனாரு. நவம்பர்ல ஒரு தாள்ல நின்னு, செவப்புப் பேனால ரெண்டு தடவ சுழிச்சாரு.